ஒரு மதியச் சாப்பாடு, மூன்று காணொளிகள்

புதன்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு நான் இரண்டாம் முறையாக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். முதல் முறை வதக்கியபோது கைத்தொலைபேசி தாச்சியை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த உப்புச் சாடியைத் தெளிவாக எடுத்துவைத்திருந்தது. இரண்டாம் முறை வெங்காயம் பொன்னிறத்துக்கு வரும் நேரம் பார்த்து மின்சாரம் போனது. அம்மா விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளை, உனக்கு நாளைக்கு வேலை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அடுப்பை நிறுத்திவிட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்தேன். அந்தக் குழம்பு காணொளியாகவும் வரவில்லை, கறியாகவும் வரவில்லை. அன்று இரவு இருவரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

கொக்குவிலில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து யாழ்ப்பாணச் சமையலை யூடியூபில் பதிவேற்றத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வாரத்துக்கு இரண்டு காணொளிகள். சமைப்பது, படமெடுப்பது, குரல் கொடுப்பது, வெட்டி ஒட்டுவது, தலைப்புப் படம் செய்வது எல்லாம் நானே. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. முன்பெல்லாம் நேயர்களின் கருத்துகளைப் படிப்பதற்காகவே காலையில் சீக்கிரம் எழுவேன். அந்தப் புதன்கிழமையோடு சேர்த்து மூன்று வாரமாக ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை. யாராவது "அருமை" என்று எழுதியிருந்தால்கூட எரிச்சல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இந்த வேலைச் சோர்வை விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது கசப்பும் விலகலும், வேலை செய்யும் திறன் குறைதல். முதலாவதை நான் வெறும் தூக்கக் குறைவு என்று நினைத்திருந்தேன். இரண்டாவதைப் படித்தபோதுதான் சுருக்கென்றது.

கணக்கு வேலை செய்கிறவள் என்பதால் முதலில் ஒரு கொப்பியை எடுத்தேன். அடுத்த ஒரு காணொளிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். மேசையையும் விளக்கையும் முக்காலியையும் ஒழுங்குபடுத்த 50 நிமிடம். சமைத்துப் படமெடுக்க இரண்டே கால் மணி. கழுவித் துடைத்துப் பழையபடி குசினியாக்க 40 நிமிடம். குரல் பதிவு முக்கால் மணி. வெட்டி ஒட்டல் நாலரை மணி. தலைப்புக்கும் படத்துக்கும் 40 நிமிடம். மொத்தம் 9 மணி 40 நிமிடம். வாரத்துக்கு இரண்டு என்றால் இருபது மணிக்குச் சற்றுக் குறைவு. அலுவலகம் முடிந்து வந்த பிறகு இன்னொரு அரைநேர வேலைக்குப் போயிருக்கிறேன், சம்பளம் கேட்காமல்.

கொப்பியில் இருந்த இன்னொரு விடயம் நிமிடங்களைவிட முக்கியமாகப் பட்டது. ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன், "எதைச் சமைப்பது?" என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு மாலைநேரம் வீணாகியிருந்தது. அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டை ஒன்றாக்கி, மாதத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் படமெடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எந்த நாள் என்பதை நாட்காட்டியே தீர்த்துவைத்தது. இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை; அலுவலகம் கிடையாது, மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வரும், நான் நினைத்தாலும் தள்ளிப்போட முடியாது. ஒரு குறை மட்டும் உண்டு. பூரணை அம்மாவுக்கு விரத நாள், வீட்டில் மச்சம் ஏறாது. ஆகவே போயாப் படப்பிடிப்பு முழுவதும் மரக்கறிதான்.

முதல் போயாவில் பேராசைப்பட்டேன். ஆறு கறிகள் எடுத்துவிட்டால் ஆறு வாரத்துக்குக் கவலை இல்லை என்ற கணக்கு. காலை ஏழு மணிக்குத் தொடங்கியது மாலை ஆறரை வரை போனது. இரவு கணினியில் போட்டுப் பார்த்தபோது முதல் மூன்றும் நன்றாக இருந்தன. நான்காவதில் பூசணிக்காய்க் கறி நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அதற்குள் யன்னல் வெயில் போய்க் குசினி விளக்கு ஏறிவிட்டது. ஐந்தாவதில் கத்தியைப் பிடித்த என் கையிலேயே அலுப்புத் தெரிந்தது. வாழைக்காய் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தடிப்பில். ஆறாவது பாதியிலேயே நின்றுபோயிருந்தது, கைத்தொலைபேசியில் இடம் முடிந்துவிட்டதாம். 1080p இல் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது என் கைத்தொலைபேசி நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக் காட்சி என்றால் கிட்டத்தட்ட 12 ஜிபி. அதை முன்பே பெருக்கிப் பார்க்காதது கணக்குக்காரிக்கு அழகில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று மேசையில் இருந்தது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஐந்தரைக் கறி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று கிண்ணம், ஒழுங்கை முனையில் இருக்கும் மாமிக்கு இரண்டு. மிச்சத்தை மூன்று நாள் சுடவைத்துச் சாப்பிட்டோம். "இது சமையலா, கலியாண வீடா?" என்றார் அம்மா. பூசணிக்காயும் வாழைக்காயும் மரவள்ளியும் எல்லாமே குழம்பாக இருந்ததால் ஒரு சோற்றோடு இரண்டு கூடச் சேர்த்துச் சாப்பிட முடியவில்லை.

அம்மாவின் அந்த வார்த்தையிலிருந்துதான் இன்றுவரை நான் வைத்திருக்கும் விதி வந்தது: ஒரு படப்பிடிப்பு நாள் என்பது ஒரு மதியச் சாப்பாடு. எந்த மூன்றை ஒரே சோற்றுக் கோப்பையில் வைத்துச் சாப்பிடலாமோ அந்த மூன்றைத்தான் எடுப்பேன். ஒரு குழம்பு, ஒரு வறை, ஒரு சொதி. வீணாவதில்லை, எதைச் சமைப்பது என்ற மாலை நேரத் தடுமாற்றமும் இல்லை, ஏனென்றால் குழம்பு எது என்று முடிவானால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும். மூன்றுக்கும் தேங்காயும் வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் பொது. ஒரு தரம் உரித்து, ஒரு தரம் திருவி, மூன்று கிண்ணத்தில் பிரித்து வைத்தால் போதும்.

இரண்டாவது போயாவை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முறை பிடிபட்டது அன்றுதான். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பாற்சொதி.

முதல்நாள் இரவே முருங்கையிலை ஆய்ந்து, வெங்காயம் உரித்து, கைத்தொலைபேசியை வெறுமையாக்கி, மின்னேற்றி வைத்தாயிற்று. காலை ஆறு நாற்பதுக்கு மேசையை யன்னலுக்கு இழுத்தேன். எங்கள் குசினி யன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக விழுந்தால் சட்டியின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கரியாகிவிடும். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து யன்னலில் கட்டினால் அந்த வெயில் பால்போலப் பரவுகிறது. கடையில் இதற்கென்று விற்கும் திரை எதுவும் நான் வாங்கவில்லை. குசினி விளக்கை அணைத்துவிட்டேன். விளக்கும் வெயிலும் சேர்ந்தால் நிறம் குழம்பும்; அதோடு இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், 30 பிரேமில் எடுக்கும்போது சில விளக்குகள் படத்தில் கோடு கோடாக ஓடும். மழைக்காலத்தில் விளக்குப் போட்டே ஆகவேண்டிய நாட்களில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று கையால் வைத்துக்கொள்கிறேன். கோடு நின்றுவிடுகிறது.

வெள்ளைச் சமநிலையைத் தானாக மாறவிடக் கூடாது என்பதையும் அந்த நீலப் பூசணிக்காய்தான் கற்றுத்தந்தது. சட்டி நிறைய மஞ்சள் நிறம் வந்ததும் கைத்தொலைபேசி அதை அதிகம் என்று நினைத்து முழுப் படத்தையும் நீலத்துக்குத் தள்ளும். ஒரு வெள்ளைக் கோப்பையை மேசையில் வைத்து நிறத்தைச் சரிபார்த்து, அந்த அளவைப் பூட்டிவிட்டுத்தான் இப்போது தொடங்குகிறேன்.

வரிசையும் முக்கியம். குழம்பு முதலில், ஏனென்றால் அது ஆற ஆறச் சுவை ஏறும், காத்திருக்கும். வறை இரண்டாவது, முருங்கையிலை அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடத்துக்குள் பச்சை மங்கத் தொடங்கிவிடும் என்பதால் அதன் கிட்டப் படத்தைச் சட்டியில் இருக்கும்போதே எடுத்துவிடவேண்டும். சொதி கடைசி. முதற்பால் விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரியும், இறக்கிய பிறகே தேசிக்காய் பிழிய வேண்டும். கோணத்தை மாற்றி இரண்டாம் முறை எடுக்க அவகாசம் தராத கறி அது. மற்ற இரண்டும் முடிந்து மனம் ஆறியிருக்கும் நேரத்தில்தான் அதைத் தொடுவேன். அன்று குழம்புக்கு இரண்டு மணி இருபது நிமிடம், வறைக்கு ஒரு மணி நாற்பது, சொதிக்கு ஒன்றரை மணி போனது. ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு மூன்றும் முடிந்தன. ஒன்றே காலுக்கு அம்மாவும் நானும் அதையே சாப்பிட்டோம்.

ஆனாலும் அன்றும் ஒன்று பிழைத்தது. குழம்புக்குக் கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்தபோது கைத்தொலைபேசி தாச்சிக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. எண்ணெய்த் தூவல் கண்ணுக்குத் தெரியாமல் லென்சில் படிந்திருந்தது. சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இரவு கணினியில் பார்த்தால் வறையிலும் சொதியிலும் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மார்கழிப் பனி மூட்டம். வெள்ளைக் கோப்பையின் விளிம்பு ஒளிக் கசிவாகத் தெரிந்தால் அது எண்ணெய்தான். இப்போது ஒவ்வொரு கறிக்கும் இடையில் மூக்குக்கண்ணாடித் துணியால் லென்சைத் துடைப்பதும், முதல் காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் தவறுவதில்லை. பொரியல் வேலை இருந்தால் கைத்தொலைபேசியை இரண்டு முழம் பின்னுக்குத் தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கிறேன்.

தொகுத்து எடுக்கும்போது மறதி என்ற புதிய சிக்கல் வருகிறது. தனித்தனியாக எடுத்த காலத்தில் இன்று சமைத்ததற்கு நாளை குரல் கொடுத்துவிடுவேன். இப்போது குரல் கொடுக்கும்போது சமைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். சொதிக்கு வெந்தயம் அரைத் தேக்கரண்டியா, கால் தேக்கரண்டியா? சத்தியமாக நினைவில்லை. ஆகவே ஒவ்வொரு கறி முடிந்ததும் அடுப்பை நிறுத்தும் முன் கமெராவைப் பார்த்து அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். வேர்த்து வழியும் முகத்தோடுதான், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. தொடங்கும்போது பழைய சிலேட்டில் கறியின் பெயரை எழுதி ஒரு விநாடி காட்டுகிறேன். இந்த இரண்டாலும் வெட்டி ஒட்டும்போது தேடும் நேரம் பாதியாகிவிட்டது. சிலேட்டு இல்லாத நாளில் வெங்காயம் வதக்கும் பதினொரு காட்சிகளில் எது எந்தக் கறிக்கு உரியது என்று நான் திகைத்ததை விவரிக்காமல் விடுகிறேன்.

குரல் பதிவு மூன்றுக்கும் ஒரே இரவு. ஒன்பது மணிக்குப் பிறகு, காகமும் கோயில் ஒலிபெருக்கியும் பாண்காரரின் வண்டிப் பாட்டும் ஓய்ந்த பிறகு. மின்விசிறியை நிறுத்தி, அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்து, சேலைகளைப் பார்த்தபடி கதைத்தால் எதிரொலி இல்லை. ஒரு காணொளிக்கு 450 சொல் அளவில் எழுதிவைத்து வாசிக்கிறேன். மூன்றுதான் என் தொண்டைக்கு எல்லை. நான்காவதை ஒரு முறை முயன்றேன், மரணச் செய்தி வாசிப்பதுபோல வந்தது.

இந்த முறையில் மீண்டும் கொப்பியைத் திறந்து எழுதிய கணக்கு இது: மூன்று காணொளிகளுக்குப் படப்பிடிப்பு நாள் ஒழுங்குபடுத்தலும் கழுவலும் சேர்த்து 7 மணி 20 நிமிடம், குரல் ஒன்றரை மணி, வெட்டி ஒட்டல் பத்தரை மணி, தலைப்பும் படமும் ஒன்றே கால் மணி. மொத்தம் 20 மணி 35 நிமிடம். ஒன்றுக்கு ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. அதாவது தொகுத்து எடுத்ததால் ஒரு காணொளியில் நான் மிச்சம் பிடித்தது மூன்று மணிக்கும் குறைவுதான். வாரத்துக்கு இருபது மணி என்பது ஏழு மணியாக இறங்கியதில் பெரும்பங்கு வாரத்துக்கு இரண்டை ஒன்றாக்கியதிலிருந்து வந்தது. தொகுத்து எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பகுதியை மறைத்துவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை, கையில் மூன்று காணொளி. நான்காவதற்குப் புதிதாகச் சமைப்பதில்லை. பழைய விடயத்திலிருந்து எடுக்கிறேன். இதற்கு எங்கள் கறித்தூள் நல்ல உதாரணம்.

ஒரு போயாவில் குழம்புக்கும் வறைக்கும் பதிலாக முழு நாளும் கறித்தூள் வறுத்தேன். செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. நீளமான காணொளி ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்ததால் ஒவ்வொன்றும் ஒரு தனிக் காட்சி. வெந்தயத்தை மல்லியோடு சேர்த்து வறுத்தால் மல்லி வறுபடுவதற்குள் வெந்தயம் கருகித் தூள் முழுவதும் கசக்கும். அந்த ஒரு விடயம் மட்டும் நாற்பது விநாடிக் குறுங்காணொளியாயிற்று. மிளகாயை இருமாமல் வறுப்பது எப்படி என்பது இன்னொன்று. 2024 ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து யூடியூபில் குறுங்காணொளி மூன்று நிமிடம் வரை போகலாம் என்பதால் மல்லி எப்போது வறுபட்டது என்பதை நிறத்தாலும் சத்தத்தாலும் வாசனையாலும் அறிவதை அவசரமில்லாமல் சொல்ல முடிந்தது. ஒரு நேயர், "தூள் எத்தனை மாதம் இருக்கும்?" என்று கேட்டிருந்தார். அந்தத் தூளில் ஒரு போத்தலை மூடி அலுமாரியில் வைத்து, ஆறு மாதம் கழித்துப் புதிதாக இடித்த தூளுக்குப் பக்கத்தில் திறந்தேன். பழையது நிறம் மங்கி, வாசனையில் கறிவேப்பிலை முற்றாகப் போய், மிளகாயின் நெடி மட்டும் நின்றது. சமையலே இல்லாத அந்தக் காணொளி எடுக்க இருபது நிமிடம்தான் பிடித்தது. கருத்துகள் மற்றவற்றைவிட அதிகம் வந்தன, கனடாவுக்குத் தூள் அனுப்பும் அம்மாமாரிடமிருந்து.

காட்சியையே திருப்பிப் பாவிப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். திருவலையில் தேங்காய் திருவும் காட்சி ஒன்றை அழகாக எடுத்துவைத்து எல்லாக் காணொளியிலும் ஒட்டினேன். நான்காவது முறை ஒருவர் எழுதினார்: "அக்கா, போன மாதமும் இதே தேங்காயைத்தான் திருவினீர்கள், காப்பில் சிவப்புக்கல் இருக்கிறது." சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. இப்போது திருவல், கடுகு வெடித்தல், அரிசி களைதல் ஒவ்வொன்றிலும் மூன்று காட்சிகள் இருக்கின்றன, காப்பு இல்லாமல். வெட்கம் மட்டுமில்லை, வேறு காரணமும் உண்டு. ஒரே அச்சில் பெருமளவில் செய்து குவிக்கும் காணொளிகளுக்கு விளம்பர வருமானம் இல்லை என்று யூடியூப் வைத்திருந்த விதியை 2025 ஜூலையில் இன்னும் தெளிவாக எழுதியது. ஒரே கருத்தை வேறு கேள்வியோடு, வேறு காட்சியோடு எடுப்பது வேறு. அதே காட்சியைத் தலைப்பு மாற்றிப் போடுவது வேறு. கறித்தூளில் நான் செய்தது முதலாவது. தேங்காயில் செய்யப் பார்த்தது இரண்டாவது.

பதிவேற்றும் நேரம் சனிக்கிழமை மாலை ஆறு மணி. அதைத் தெரிவு செய்தது நான் இல்லை, என் நேயர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் Audience பக்கத்தில் நேயர்கள் எந்த நாளில், எந்த மணியில் வருகிறார்கள் என்று ஒரு படம் இருக்கிறது. என் நேயர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். இங்கே மாலை ஆறு என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை எட்டரை, லண்டனில் பகல் ஒன்றரை. அங்கே சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும் முன் பார்க்கிறார்கள். காணொளியை முன்கூட்டியே ஏற்றி, Schedule என்பதில் நாளும் நேரமும் கொடுத்துவிட்டால் தானாக வெளியாகும். சனிக்கிழமை மாலை நான் நல்லூரடியில் நிற்கலாம், அம்மாவோடு ஒரு கலியாண வீட்டில் இருக்கலாம். முதல் தடவை அப்படி ஒரு கலியாண வீட்டில் இருந்தபோது ஆறு மணிக்குக் கை தானாகக் கைத்தொலைபேசியைத் தேடியது. பழக்கம் போக இரண்டு மாதம் எடுத்தது.

முடித்து வைத்த காணொளிகளை நான் "கையிருப்பு" என்கிறேன். இரண்டுக்குக் கீழே இறங்கினால் அடுத்த வாரம் கறித்தூள்போலப் பழைய விடயத்திலிருந்து எடுக்கும் காணொளி. ஒன்றுமே இல்லை என்றால் அந்தச் சனிக்கிழமை விடுமுறை, இரவில் வெங்காயம் வதக்குவதில்லை. இதைக் கடைப்பிடிக்க முதலில் பயமாக இருந்தது. ஒரு வாரம் விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்ற பயம். விதிகளைப் படித்தபோது, ஆறு மாதமோ அதற்கு மேலோ எதுவும் பதிவேற்றாத சேனலுக்குத்தான் வருமானத்தை நிறுத்தும் உரிமையை யூடியூப் வைத்திருக்கிறது என்று கண்டேன். ஆறு மாதம் எங்கே, ஒரு சனிக்கிழமை எங்கே. ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு சனிக்கிழமை விட்டேன். மூன்றாவது சனிக்கிழமையில் பார்வைகள் குறைந்தன, ஐந்தாவதில் பழைய அளவுக்கு வந்தன.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு ஐந்தாக இருந்தபோது வாரத்துக்கு இரண்டு போட்டேன். இரண்டு வாரத்தில் கையிருப்பு ஒன்றாயிற்று, பழைய இருமல் திரும்பி வந்ததுபோலப் பழைய பதற்றமும் வந்தது. மிச்சம் இருக்கிறதே என்று செலவழிக்கிற கை என்னுடையது. இப்போது ஐந்தாக இருந்தால் ஒரு போயாவுக்குப் படப்பிடிப்பே வைப்பதில்லை.

இந்த முறையின் உண்மையான குறை ஒன்றை மறைக்கக் கூடாது. பிழையும் மூன்று மடங்காகிறது. பங்குனியில் எடுத்த மூன்றிலும் அளவுகளைத் திரையில் எழுத்தாகப் போட்டிருந்தேன். முதலாவது வெளியானதும், "எழுத்துச் சின்னதாக இருக்கிறது, கைத்தொலைபேசியில் வாசிக்க முடியவில்லை" என்று பலர் சொன்னார்கள். அதற்குள் மற்ற இரண்டையும் வெட்டி ஒட்டி, ஏற்றி, நாளும் குறித்தாயிற்று. மீண்டும் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக்க ஐந்து மணி. அதற்குப் பிறகு மூன்றையும் எடுப்பேன், குரலும் கொடுப்பேன். ஆனால் முழுதாக முடிப்பது இரண்டை மட்டும். மூன்றாவது முந்தியதன் கருத்துகளைப் பார்க்கும் வரை காத்திருக்கும். "இன்று மழை", "இந்த வாரம் திருவிழா" போன்ற சொற்களையும் விட்டுவிட்டேன். புரட்டாசியில் எடுத்த காணொளி கார்த்திகையில் வெளியாகும்போது, "என்ன அக்கா, கொளுத்தும் வெயில் என்கிறீர்கள், இங்கே ஒழுங்கை முழுக்க வெள்ளம்" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மழை என்றதும் சொல்ல வேண்டியது: ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எங்கள் குசினித் தகரக் கூரையில் மழை விழுந்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது, யன்னலில் வேட்டி கட்டுவதற்கு வெயிலும் இருக்காது. புரட்டாசிப் போயாவில் மூன்றுக்குப் பதில் நான்கு எடுப்பது அந்தப் பருவத்துக்காக மட்டும். நான்காவது எப்போதும் எளிதான ஒன்று, பெரும்பாலும் சம்பல்.

மச்சம்தான் இன்னும் தீராத சிக்கல். நண்டுக் குழம்பு கேட்டு எழுதாதவர் இல்லை. போயாவில் முடியாது, வெள்ளியில் முடியாது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடிகாலை சந்தைக்குப் போய் நண்டும் இறாலும் கணவாயும் வாங்கி, மரக்கறி வரிசையிலேயே மூன்றையும் எடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். ஆனால் நண்டு ஒன்பது மணி வரை காத்திருக்கும், கணவாய் பதினொரு மணி வரை இருக்குமா என்பது தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நிறம் மாறும் என்கிறார் அம்மா. மூன்றும் ஒரே கோப்பையில் சேருமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சேரும் பிள்ளை, ஆனால் அன்றைக்குச் சொதி வேண்டாம், ரசம் வை" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்காவது காணொளியும் கிடைத்துவிட்டது.